கைப்பிடியிலிருந்து தொடங்கும் அளவு

பரவலாக விற்கும் 11 அவுன்ஸ் வெள்ளைக் கோப்பையின் விட்டம் ஏறக்குறைய 82 மி.மீ.; சுற்றளவு 257 மி.மீ. கைப்பிடிக்கு இடம் விட்டால், சுற்றிவர அச்சிட சுமார் 200 மி.மீ. அகலம் கிடைக்கும்.

புதிதாக வடிவமைப்பவர்கள் பெயரையோ படத்தையோ தாளின் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். அந்த இடம் கைப்பிடிக்கு நேர் எதிரே போய்விடும். வலக்கையால் பிடித்துக் குடிப்பவர் கண்ணில் அது முழுசாகப் படாது. அவர் பார்க்கும் முகம் நடுவிலிருந்து கால் சுற்று, அதாவது 64 மி.மீ. வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் அதே தூரத்தில் இருப்பது எதிரில் உட்கார்ந்தவர் பார்க்கும் முகம். எனவே மணமக்கள் படத்தை 164 மி.மீ. புள்ளியிலும் வாழ்த்தை 36 மி.மீ. புள்ளியிலும் மையப்படுத்துவதே சரி. இரண்டும் 60 மி.மீ. அகலத்துக்குள் அடங்கினால் ஓரத்தில் 6 மி.மீ. மிஞ்சும்.

அந்த இடைவெளியை விட்டே ஆக வேண்டும். வெப்ப அச்சில், விளிம்பருகிலும் கைப்பிடி ஓரத்திலும் சூட்டுப்பட்டை கோப்பையோடு சரியாக ஒட்டாது. அங்கே மை முழுதாக ஏறாமல் கருப்பு பழுப்பாக வெளிறும். பின்னணி நிறம் வெளிறினால் கண் பொறுத்துக்கொள்ளும். பெயரின் கடைசி எழுத்து வெளிறினால் கோப்பையே வீண்.