சூடேறாத வாணலியில் வாத்து நெஞ்சுக்கறி

வாத்தின் நெஞ்சுக்கறியில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே தோலும் அதன் அடியில் ஒரு சென்டிமீட்டர் வரை தடித்த கொழுப்பும். கீழே மாட்டுக்கறியைப் போலச் சிவந்த, கொழுப்பே இல்லாத தசை. கொழுப்பு உருகித் தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் நெடுநேரச் சூடு தேவை. தசையோ கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் இறுகிவிடும். தோலைச் சூடேறாத வாணலியில் வைத்து மெல்லச் சூடேற்றி, கறியை ஓவனில் முடிக்கும் முறை இந்த முரண்பாட்டுக்காகவே உருவானது.

இதன் தாயகம் பிரான்சின் தென்மேற்கில் உள்ள கஸ்கோன் பகுதி. ஈரலுக்காகக் கொழுக்க வளர்க்கப்படும் 'முலார்' என்னும் கலப்பின வாத்தின் நெஞ்சுக்கறிக்கு அங்கே 'மக்ரே' என்று பெயர். கொழுப்பற்ற கறி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முன்பெல்லாம் வாத்துக்கறியை உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்துச் சேமிப்பதே அந்தப் பக்கத்து வழக்கம். ஓஷ் நகரத்துச் சமையல் கலைஞர் ஆந்திரே தாகேன், 1959-இல் நெஞ்சுக்கறியைத் தனியே எடுத்து, மாட்டுக்கறித் துண்டைப் போல நடுவில் சிவப்பு மாறாமல் சமைத்துப் பரிமாறினார். அதன் பிறகே வாத்தின் நெஞ்சுக்கறி தனி உணவாகப் பெயர் பெற்றது.

கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியிருக்க, வாத்தின் நெஞ்சுக்கறி ஏன் இவ்வளவு சிவப்பு? கோழி எப்போதாவது சிறகடித்து எழும்பும் பறவை. வாத்தின் மூதாதையரோ நெடுந்தூரம் பறந்து வலசை போனவை. இடைவிடாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்னும் சிவப்புப் புரதம் அந்தத் தசையில் மிகுதி. நறுக்கும்போது கசிகிற சிவப்பு நீரும் இரத்தம் அல்ல, இந்தப் புரதம் கலந்த நீர்தான். ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸில் கறி இளஞ்சிவப்பாகவும் சாறு நிறைந்தும் இருக்கும். 65 டிகிரியைத் தாண்டினால் சாம்பல் நிறமாகி, ஈரல் போன்ற வாடையும் வரத் தொடங்கும்.

இனி கொழுப்பின் பக்கம். வாத்துக் கொழுப்பு எளிதில் உருகக்கூடியது. கையில் வைத்தாலே இளகும். ஆனாலும் அது தோலின் அடியில் தளர்வாகக் கிடப்பதில்லை. நுண்ணிய பைகளுக்குள் அடைபட்டு, கொலாஜன் என்னும் நார்ப் புரத வலையால் கட்டுண்டு, கொஞ்சம் நீரோடும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பைகள் கிழிந்து கொழுப்பு வெளியேறவும், நீர் ஆவியாகவும், வலை இளகவும் நேரம் வேண்டும். புகை கிளம்பும் வாணலியில் கறியைப் போட்டால் தோலின் மேற்பரப்பு இரண்டே நிமிடத்தில் இறுகிக் கருகிவிடும். உள்ளே இருக்கும் கொழுப்புக்கு அதற்குள் வெளியேற வழி இருக்காது. கருகிய தோலுக்கு அடியில் ரப்பர் போன்ற வெள்ளைப் பட்டையாக அது அப்படியே தங்கிவிடும். சூடேறாத வாணலியில் தொடங்கினால் வாணலியும் தோலும் கொழுப்பும் சேர்ந்தே சூடேறும். தோல் நிறம் மாறும் முன்பே கொழுப்பு ஓடத் தொடங்கிவிடும். முதலில் உருகுவது மீதியை உருக்கும் எண்ணெயாகிறது. தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டியதே இல்லை.

400 கிராம் மக்ரே ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை இப்படிப் போகும். கறி குளிர்ந்திருக்கும்போதே கூரான கத்தியால் தோலில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும். தசையைத் தொட்டுவிட்டால் சாறு கொழுப்பில் கசிந்து தெறிக்கும், தோலும் நனைந்து மொறுமொறுப்பாகாது. ஒரு தேக்கரண்டி உப்பை இரண்டு பக்கமும் தடவி, தோல் மேலே இருக்கும்படி, மூடாமல் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தோல் நன்றாகக் காயும். அதற்கு நேரமில்லையென்றால் துணியால் ஈரத்தை ஒற்றியெடுப்பது கட்டாயம்.

மறுநாள், அடிகனமான வாணலியில் தோல் கீழே இருக்கும்படி கறியை வைத்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தீ சிறியதாகவே இருக்கட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரங்களில் கொழுப்பு கசியும். மெல்லிய, சீரான சலசலப்பு கேட்கும். காதுதான் இங்கே நல்ல வழிகாட்டி. படபடவென்று வெடித்தால் தீ அதிகம்; சத்தமே இல்லையென்றால் குறைவு. தோல் சுருங்கி ஓரம் மேலே வளைந்தால், சிறிது நேரம் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் போதும். தேங்கும் கொழுப்பை இடையிடையே கிண்ணத்தில் வடித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குமிழ்கள் குறையும். நீர் போய்விட்டதற்கு அது அடையாளம். அப்போது தோல் பொன்பழுப்பாகி, கொழுப்புப் படலமும் பாதிக்குமேல் மெலிந்திருக்கும். இவ்வளவு நேரமும் அடியில் கிடந்த கொழுப்பு போர்வையைப் போலச் சூட்டைத் தடுத்ததால் தசை பெரும்பாலும் வேகாமலேயே இருக்கும்.

அதைப் புரட்டி, தசைப் பக்கத்தை ஒரு நிமிடம் மட்டும் சிவக்கவிட்டு, மறுபடி தோல் கீழாகத் திருப்பி, வாணலியோடு 180 டிகிரி ஓவனுக்குள் வைக்க வேண்டும். வாணலியின் கைப்பிடி ஓவன் சூட்டைத் தாங்கக்கூடியதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. அடுப்பின் சூடு கீழிருந்து மட்டும் தாக்கும். ஓவனின் காற்று எல்லாப் பக்கமும் சூழ்ந்து, தடித்த துண்டின் நடுவரை ஒரே சீராக வேகவைக்கும். ஐந்தாறு நிமிடத்தில், மிகத் தடித்த இடத்தின் நடுவில் குத்திய வெப்பமானி 52 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்புவது ஆபத்து. துண்டின் தடிமனுக்கேற்ப நேரம் மாறும். எட்டு நிமிடம் ஆறவிட்டால் வெளிச்சூடு உள்ளே பரவி 55 டிகிரியைத் தொடும். ஆறும்போதும் தோல் மேலேயே இருக்க வேண்டும். கீழே வைத்தால் கசியும் சாற்றில் ஊறி அத்தனை உழைப்பும் வீணாகும். பிறகு தசைநாருக்குக் குறுக்காக நறுக்கலாம்.

எல்லா வாத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 200 கிராம் அளவுள்ள பெக்கின் வாத்தின் நெஞ்சுக்கறிக்கு ஓவனில் இரண்டு மூன்று நிமிடமே தாராளம். முட்டைக்காக மேய்ச்சலில் வளரும் மெலிந்த வாத்துகளில் உருக்குவதற்குக் கொழுப்பே அதிகம் இருக்காது. அவை குழம்புக்கே ஏற்றவை. தொடைக்கறியிலும் நார்ப் புரதம் மிகுதி என்பதால் அதை நெடுநேரம் வேகவைக்கத்தான் வேண்டும்.

கறியின் நிறத்தைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பறவைக் கறி எதையும் 74 டிகிரி வரை வேகவைக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் வாத்திலும் இருக்கக்கூடும். இளஞ்சிவப்பாக உண்பவர்கள் அந்த ஆபத்தை அறிந்தே உண்கிறார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 74 டிகிரி வரை வெந்த துண்டையே கொடுக்க வேண்டும்.

வடித்த கொழுப்பை மெல்லிய துணியில் வடிகட்டிப் புட்டியில் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் கெடாது. கஸ்கோனுக்குப் பக்கத்துப் பகுதியான பெரிகோரில், சார்லா ஊரின் பெயரால் வழங்கும் உருளைக்கிழங்கு வறுவலை இந்தக் கொழுப்பில்தான், பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்து வறுக்கிறார்கள்.