பிறப்புறுப்பின் ஓரத்தில் வலிக்கும் கட்டி

யோனி வாயின் இருபுறமும், சற்றுக் கீழே, பட்டாணி அளவில் பார்த்தலின் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் ஈரம் ஒரு சிறு குழாய் வழியே வெளியே வரும். குழாயின் வாய் அடைபட்டால் நீர் தேங்கி, ஒரு பக்கம் மட்டும் வீங்கும். வலியில்லாத சிறு நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

கிருமி தொற்றினால் அது சீழ்க்கட்டியாகிவிடும். 30 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டே நாளில் கட்டி எலுமிச்சை அளவாகிச் சிவந்து, உட்காரவே முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் மாத்திரை மட்டும் போதாது, சீழை வெளியேற்ற வேண்டும். வெறுமனே கீறிவிட்டால் கீறல் சீக்கிரம் மூடிக்கொண்டு, கட்டி திரும்பவும் வரலாம். எனவே மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, உள்பக்கமாகச் சிறிது கீறிச் சீழை எடுப்பார். பிறகு நுனியில் பலூன் கொண்ட மெல்லிய குழாயைச் செருகி, சுமார் 3 மில்லி நீர் ஏற்றுவார். அது ஏறக்குறைய 4 வாரம் உள்ளே இருந்தால் சுரப்பிக்குப் புதிய வாய் உருவாகிவிடும். அடிக்கடி வரும் கட்டியைத் திறந்து, அதன் ஓரங்களைத் தோலோடு தைத்துவிடுவதும் உண்டு.

தொடக்கத்தில், வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம், தினம் சில முறை உட்காரலாம். கட்டியைப் பிதுக்கக் கூடாது. காய்ச்சலோ கடும் வலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 40 வயதுக்கு மேல் புதிதாகக் கட்டி வந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை தேவைப்படலாம்.