வாடிக்கைப் பாலுக்கு ஓர் அட்டை: வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் கணக்கு என்ன?

வீடு வீடாகப் பால் ஊற்றும் விவசாயிகளிடம் பேசும்போது, கறவை குறைந்தது என்ற வருத்தத்தைவிட அதிகமாகக் கேட்பது மாதக் கடைசிச் சண்டையைப் பற்றித்தான். நீங்கள் ஒரு நோட்டில் எழுதுகிறீர்கள். வீட்டம்மா சமையலறை நாள்காட்டியில் புள்ளி வைக்கிறார். மாத முடிவில் உங்கள் நோட்டு 29 நாள் என்கிறது, அவர் நாள்காட்டி 25 நாள் என்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. ஊருக்குப் போன நாளை எப்படிக் கழிப்பது என்று தொடக்கத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாளே வீட்டில் கொடுக்கும் ஒரு சிறிய அட்டை இதைத் தீர்த்துவிடும். அதில் என்ன எழுதுவது, ஏன் அப்படி எழுதுவது என்பதை ஒரு சிறு பண்ணைக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

மூன்று கலப்பினப் பசுக்கள். காலையில் 16 லிட்டர், மாலையில் 10 லிட்டர். மாலைப் பால் சங்கத்துக்குப் போகிறது. காலையில் 14 வீடுகளுக்கு அரை லிட்டர், 6 வீடுகளுக்கு ஒரு லிட்டர், ஆக 13 லிட்டர். மீதி 3 லிட்டர் வீட்டுச் செலவுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும். இந்த மீதியை வைத்துக்கொள்ளாமல் கறப்பது முழுவதையும் வீடுகளுக்கு ஒப்புக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வீட்டு விலை லிட்டர் 60 ரூபாய், சங்கத்தில் உங்கள் பாலின் கொழுப்புக்கும் திடச்சத்துக்கும் 36 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

நான் பயிர்க்காரன். பயிரை ஓரிரு நாள் தள்ளி அறுக்கலாம். மடியில் அது நடக்காது. வாடிக்கைக்காரர் பால் வேண்டாம் என்றாலும் அன்றும் கறந்தே ஆக வேண்டும். கறவையை நிறுத்தினால் மடி இறுகும், கறவை குறையும், மடிநோய்க்கும் வழி திறக்கும். ஆகவே விடுமுறைப் பால் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. முதல் நாள் மாலையே சொல்லிவிட்டால் காலையில் அதைப் பிரித்து வைத்துச் சங்கத்தில் ஊற்றிவிடலாம். லிட்டருக்கு 24 ரூபாய்தான் இழப்பு. 20 வீடுகளும் மாதம் மூன்று நாள் விடுமுறை எடுத்தாலும் 39 லிட்டருக்கு 936 ரூபாய். இதைத் தொழிலின் செலவாக ஏற்கலாம். ஆனால் வாசலில் போய் நின்ற பிறகு பூட்டைப் பார்த்தால் கதை வேறு. நீங்கள் திரும்பி வரும்போது சங்கத்தில் கொள்முதல் முடிந்திருக்கும். குளிரூட்டாத பால் நம் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. அப்போது இழப்பு முழு 60 ரூபாய்.

ஆகவே விடுமுறைக்குப் பணம் பிடிக்காதீர்கள், தகவலுக்கு மட்டும் கறாராக இருங்கள். சொல்லாமல் போனால் முதல் நாள் பாலுக்குக் கணக்கு உண்டு. நேற்று மாட்டிய பை இன்றும் கதவில் தொங்கினால் இரண்டாம் நாளிலிருந்து நீங்களே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வசூலித்தால் பணம் வரும், வாடிக்கை போய்விடும்.

அடுத்தது பணம் வாங்கும் முறை. மாதம் முழுவதும் ஊற்றிவிட்டு அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை காத்திருந்தால், இந்தப் பண்ணையில் நாளுக்கு 780 ரூபாய் வீதம் 40 நாள் பால், அதாவது 31,200 ரூபாய், பிறர் வீட்டில் நிற்கிறது. நீங்களோ தீவன மூட்டையைக் கடனுக்கு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆவின் பால் அட்டைக்கு நகரத்து மக்கள் முன்பணம் கட்டிப் பழகியவர்கள்தான். சம்பளம் வரும் முதல் வாரத்தில் அந்த மாதத்துக்கான தொகையை வாங்கி, விடுமுறையை அடுத்த மாதம் கழிப்பதே என் யோசனை. புதிய வீடு தயங்கினால் முதல் மாதம் மட்டும் 15 நாளுக்கு ஒரு முறை வாங்கலாம்.

‘மாதம் 900 ரூபாய்’ என்று மொத்தமாக மட்டும் பேசாதீர்கள். பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள். அரை லிட்டருக்கு நாளுக்கு 30 ரூபாய் என்று பேசுங்கள். ஜூனில் 900 ரூபாய் கட்டிய வீடு 10ஆம் தேதி முதல் 14 வரை ஊருக்குப் போகிறது. இன்னொரு நாள் உங்களால் பால் தர முடியவில்லை. ஆறு நாளுக்கு 180 ரூபாய். ஜூலைக்கு 930இல் 180 போக 750 ரூபாய். இந்த மூன்று எண்களும் சீட்டில் தெரிந்தால் பேச்சுக்கு இடமில்லை.

‘உங்களால் தர முடியாத நாள்’ என்பதை அட்டையில் எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது அதைத்தான். ஒரு பசுவுக்கு மடிநோய் வந்து காம்பில் மருந்து ஏற்றுகிறீர்கள். ஒரு காம்பில்தான் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும், மருந்து உறையில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை, வீட்டுக்கும் ஊற்றக்கூடாது, சங்கத்துக்கும் ஊற்றக்கூடாது. காலைக் கறவை 16 லிட்டரிலிருந்து 11 ஆகிறது. வீடுகளுக்கு 13 வேண்டும். இந்த இரண்டு லிட்டர் குறையில்தான் தண்ணீர் சேர்கிறது, அல்லது மருந்துப் பாலே கேனுக்குள் போகிறது. குழந்தைக்கு வாங்கும் வீடும் அந்தத் தெருவில் இருக்கும். அட்டையில் இடம் விட்டிருந்தால் நான்கு அரை லிட்டர் வீடுகளுக்கு ‘இன்று இல்லை’ என்று முறை வைத்துச் சொல்லிவிடலாம். குழந்தை உள்ள வீட்டை அந்த முறையில் சேர்க்காதீர்கள்.

அட்டையின் வாசகம் இப்படி இருக்கலாம்:

“தினமும் காலை 6 முதல் 7 மணிக்குள் பசும்பால். அரை லிட்டர் 30 ரூபாய். மாதத் தொகையை 1 முதல் 5ஆம் தேதிக்குள் தரவும். பால் வேண்டாத நாளையும் கூடுதலாக வேண்டிய நாளையும் முதல் நாள் மாலை 6 மணிக்குள் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லவும். சொன்ன நாள்களுக்குப் பணம் இல்லை, அடுத்த மாதம் கழிக்கப்படும். சொல்லாவிட்டால் முதல் நாளுக்கு மட்டும் கணக்கு உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் அந்த இடம் காத்திருக்கும் வீட்டுக்குத் தரப்படும். மாட்டுக்கு மருந்து கொடுத்தாலோ கறவை குறைந்தாலோ முன்கூட்டியே சொல்லிப் பாலைக் குறைப்போம், அதற்கும் பணம் கழிக்கப்படும். விலை மாறினால் 15 நாள் முன்பே சொல்வோம்.”

கீழே பெயர், தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புத் துறையில் செய்த பதிவின் எண். நேரடியாக வீடுகளுக்கு விற்பவருக்கு அந்தப் பதிவு வேண்டும். பின்பக்கம் 31 கட்டங்கள். ஊற்றிய அளவை அன்றன்றே அதில் எழுதிவிட்டு அதே அளவை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள்.

பொங்கல், தீபாவளி, மே மாதம் ஆகிய நாள்களில் குடியிருப்புகள் ஒரே நேரத்தில் காலியாகும். அதற்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் காலையில் கூடுதல் பால் வரும் என்று சங்கச் செயலாளரிடமும் சொல்லி வையுங்கள். மாலைப் பாலை ஆண்டு முழுவதும் விடாமல் ஊற்றுபவரின் கேனை அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை. சினைப்பசுவை, கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன் பால் வற்றவிடும் காலமும் இந்த மே மாதத்தோடு சேர்ந்து அமைந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஜூலையில் கன்று பிறக்க வேண்டும், அதாவது முந்தைய செப்டம்பர் கடைசி, அக்டோபரில் சினை ஊசி போட்டிருக்க வேண்டும்.