வரவு வைத்த டாலர் செக் திரும்புவது ஏன்?

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்யும் ஒருவருக்கு இணையம் வழியாக அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடராஜர் சிலை ஒன்று, விலை 2,200 டாலர். வந்து சேரும் செக்கில் இருப்பதோ 4,200 டாலர். “கூடுதலாக உள்ள 2,000 டாலரை எங்கள் ஷிப்பிங் ஏஜென்டிடம் கொடுத்துவிடுங்கள், சிலையை அவர் வந்து எடுத்துக்கொள்வார்” என்று ஒரு மின்னஞ்சலும் வருகிறது. ஜூன் 3-ஆம் தேதி செக்கை வங்கியில் போடுகிறார். ஜூன் 27-ஆம் தேதி, டாலருக்கு 83.50 ரூபாய் வீதம் 3,50,700 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. பாஸ் புத்தகத்தில் பதிவும் ஆகிவிட்டது. நிம்மதியாக 1,67,000 ரூபாயை ஏஜென்டின் கணக்குக்கு அனுப்புகிறார். ஜூலை 18-ஆம் தேதி செக் திரும்பிவிட்டது என்று வங்கியிலிருந்து தகவல் வருகிறது. செக்கே போலி.

ஆளும் தொகையும் கற்பனைதான். ஆனால் இந்த மோசடி பல நாடுகளில் இதே வரிசையில்தான் நடக்கிறது. ஏமாந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியும் ஒன்றே: “பணம் வந்துவிட்டது என்று வங்கிதானே சொன்னது?”

பணம் வந்தது என்று வங்கி சொல்லவில்லை. வரவு வைத்தது, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமானால் அந்தக் காகிதம் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் செக் என்றால் அதன் படம் மட்டும் கிளியரிங்குக்குப் போகிறது. போடும் வங்கியும் பணம் கொடுக்கும் வங்கியும் ஒரே அமைப்பில், ஒரே ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் இருக்கின்றன. டாலர் செக்குக்கு இந்தியாவில் அப்படி ஒரு கிளியரிங் கிடையாது. அது அமெரிக்க வங்கி ஒன்றின் மேல் எழுதப்பட்ட சீட்டு. அங்கே போனால்தான் பணம். கிளையில் போட்ட செக் முதலில் அந்நியச் செலாவணியைக் கவனிக்கும் பெரிய கிளைக்குப் போகும். அங்கே மற்ற செக்குகளோடு சேர்த்துக் கட்டி, கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே நம் வங்கிக்கு டாலர் கணக்கு வைத்திருக்கும் ஒரு தொடர்பு வங்கி இருக்கும். அந்தக் கணக்குக்கு ‘நாஸ்ட்ரோ’ என்று பெயர். தொடர்பு வங்கி செக்கை அமெரிக்க கிளியரிங்கில் விட, கடைசியாக அது எந்த வங்கியின் மேல் எழுதப்பட்டதோ அங்கே போய்ச் சேரும்.

அமெரிக்க செக் கிளியரிங்கில் “சரி, பணம் கொடுத்துவிட்டோம்” என்று யாரும் தகவல் அனுப்புவதில்லை. செக் திரும்பினால் மட்டுமே தகவல் வரும். திரும்பி வராவிட்டால் பாஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் ‘கேஷ் லெட்டர்’ என்ற ஏற்பாட்டில், தொடர்பு வங்கி குறித்த நாளில் நாஸ்ட்ரோ கணக்கில் தற்காலிகமாக வரவு வைத்துவிடும். ரிட்டர்ன் வந்தால் எடுத்துக்கொள்வோம் என்பது நிபந்தனை. நம் வங்கி சில நாளோ சில வாரமோ பொறுத்துப் பார்க்கும். ஒன்றும் வரவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு அதே நிபந்தனையோடு வரவு வைக்கும். செக் போடும்போது கையெழுத்திட்ட படிவத்தில் இந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கச் சட்டப்படி, செக் தன்னிடம் வந்து சேர்ந்த மறு வேலைநாள் நள்ளிரவுக்குள் வங்கி அதைத் திருப்ப வேண்டும். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கெடு ஓட ஆரம்பிப்பதே செக் சரியான வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்க செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட எண் வரிசையில் ஒன்பது இலக்க ரூட்டிங் எண் இருக்கும். எந்த வங்கி என்பதை இயந்திரம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது, மேலே அச்சிட்ட வங்கிப் பெயரைப் பார்த்து அல்ல. போலி செக்கில் பெயர் ஒரு வங்கியுடையதாகவும் எண் வேறு வங்கியுடையதாகவும் இருக்கும். செக் தவறான வங்கிக்குப் போய், “இது எங்களுடையது இல்லை” என்று திரும்பி, மறுபடி அனுப்பப்படுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். பிறகு வந்த வழியே ஒவ்வொரு வங்கியாக ரிட்டர்ன் திரும்ப வேண்டும்.

இது போதாதென்று இன்னொரு வகை உண்டு. செக் உண்மையானதுதான், ஆனால் தொகையையோ பெயரையோ யாரோ திருத்தியிருக்கிறார்கள், அல்லது பின்புறக் கையெழுத்து போலி. இப்படிப்பட்டவற்றுக்கு நள்ளிரவுக் கெடு பொருந்தாது. பணம் கொடுத்த வங்கி பிற்பாடும் கேட்கலாம். பொதுவாக மூன்று ஆண்டு வரை அந்த உரிமை உண்டு. ஆகவே “முழுதாக கிளியர் ஆகிவிட்டதா?” என்ற கேள்விக்கு எந்த மேலாளராலும் ஆமாம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சுவாமிமலைக் கணக்குக்கு வருவோம். திரும்பிய செக்குக்கு வங்கி எடுத்துக்கொள்வது கொடுத்த அதே 3,50,700 ரூபாய் அல்ல. வரவு வைத்தது டாலரை வாங்கும் விலையில். திருப்பி எடுப்பது அன்றைய விற்கும் விலையில். அது 85 ரூபாய் என்றால் பற்று 3,57,000 ரூபாய். மாற்று விகிதத்தில் மட்டும் 6,300 ரூபாய் போயிற்று. ஏஜென்டுக்கு அனுப்பிய 1,67,000 ரூபாயும் போனதால் கணக்கில் 1,73,300 ரூபாய் பள்ளம். இதன் மேல் வெளிநாட்டு வங்கியின் ரிட்டர்ன் கட்டணமும் நம் வங்கியின் கட்டணமும் உண்டு, வட்டியும் போடலாம். சிலை கைவிட்டுப் போகவில்லை என்றால் அதுவே ஆறுதல்.

நியாயமான செக்கும் திரும்பும். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் தலைவலி இனிஷியல். செக்கில் ‘சுப்ரமணியன் ராமசாமி’ என்று இருக்கும், கணக்கில் ‘ஆர். சுப்ரமணியன்’ என்று இருக்கும். தேதி இன்னொன்று: அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 04/07 என்றால் அங்கே ஏப்ரல் 7. ஜூலை 4 என்று நினைத்துக் காத்திருந்தால், செக்கின் ஆயுளில் மூன்று மாதம் வீணாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் பழசான செக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் அமெரிக்க வங்கிக்கு இல்லை.

செக்கைப் போடும்போதே கவுண்டரில் கேளுங்கள்: இதை எந்த வழியில் அனுப்புகிறீர்கள்? ‘கலெக்‌ஷன்’ முறையில் பணம் கைக்கு வந்த பிறகே வரவு வைப்பார்கள். ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம், ஆனால் ரிட்டர்ன் ஆபத்து மிகக் குறைவு. பெரிய தொகைக்கு அதுதான் நல்லது. அவசரம் என்று கெஞ்சி முன்கூட்டியே வரவு வாங்கினால், அது கிட்டத்தட்டக் கடன்தான். இத்தனை தொல்லையால் டாலர் செக் வாங்குவதையே நிறுத்திவிட்ட வங்கிகளும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து பணம் தர வேண்டியவர் நேர்மையானவர் என்றால், உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கணக்கு எண்ணையும் கொடுத்து வயர் டிரான்ஸ்ஃபர் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். விலைக்கு மேல் செக் அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்பவரிடம், அந்த செக்கை ரத்து செய்துவிட்டு சரியான தொகையை அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டரை விட்டுவிடுங்கள்.