ஒரு சட்டையும் ஆறு நாளும்

ஷேவிங்குக்காகத் தலையைச் சாய்த்து உட்காரும்போது, முடி திருத்துபவரின் அக்குள் நம் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். கடைக்குள் எத்தனை கண்ணாடி பதித்தாலும், வந்தவர் மனதில் தங்குவது அந்த ஒரு சாண்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சலூனில் ஊழியருக்கு ஆளுக்கொரு கறுப்பு டீ-சர்ட் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. செவ்வாய் விடுமுறை போக ஆறு நாளும் அதையே போட வேண்டும். இரவு கடை அடைத்த பிறகு, ஐந்து பேர் தங்கும் அறையில் துவைத்துக் காயப்போட்டால் மழைக்காலத்தில் விடிவதற்குள் காயாது. அரை ஈரத்தோடு மாட்டிய சட்டை பதினோரு மணிக்கெல்லாம் வாடை வீசும். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் 100 ரூபாய் அபராதம். 12,000 ரூபாய் சம்பளக்காரத் தம்பி ஒருவருக்கு ஒரே மாதத்தில் 600 ரூபாய் பிடித்தார்கள். சீனியர் மாஸ்டரோ சொந்தச் சட்டையில் வந்துபோனார். அவரை யாரும் கேட்கவில்லை.

அபராதம் போடுவதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஊழியர் தரப்பைக் கேட்க வேண்டும். மாத அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தத் தம்பிக்கு அது 360 ரூபாய். அந்தப் பணமும் முதலாளி பைக்குப் போகக் கூடாது, ஊழியர் நலனுக்கே செலவாக வேண்டும்.

ஒரு மூத்த ஊழியர் எடுத்துச் சொன்ன பிறகு முதலாளி ஆளுக்கு மூன்று சட்டை தைத்துக் கொடுத்தார். இந்த முறை பின்னல் துணி வேண்டாம் என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். வெட்டிய சின்ன முடி பின்னலுக்குள் ஊசிபோலச் செருகி நாளெல்லாம் குத்தும். வழவழப்பான நெய்த துணியில் தட்டினால் உதிர்ந்துவிடும். மதியம் சாப்பிட்டதும் முகம், அக்குள் கழுவிச் சட்டை மாற்றப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். மாஸ்டருக்கும் அதே சட்டைதான்.

மோதிரம் கூடாது என்ற விதியையும் அங்கே காரணத்தோடு சொன்னார்கள். நாள் முழுக்கத் தலை அலசும் கையில், மோதிரத்துக்கு அடியில் ஷாம்புத் தண்ணீர் தேங்கித் தோல் சிவந்து வெடிக்கும். பல சமயம் கைப்புண் தொடங்கும் இடமே அதுதான். தாலி, பொட்டு, முக்காடு, தாடி இவற்றுக்கு இப்படியொரு காரணம் கிடையாது. தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் போதும், முக்காடு நுனி தொங்காமல் செருகியிருந்தால் போதும், தாடி ஒழுங்காகத் திருத்தியிருந்தால் போதும்.

வாடைப் பேச்சை வாடிக்கையாளர் முன்னால் எடுக்கவே கூடாது. உள்ளறைக்குக் கூப்பிட்டு, ஒருவர் மட்டும், தணிந்த குரலில் சொல்ல வேண்டும். மருந்தாலோ நோயாலோ வருகிற வாடையும் உண்டு, அதற்கு டாக்டர்தான் வழி.

சலூன் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த புகார் வரும்போது, அபராதம் எழுதுவதற்கு முன் அந்தத் தம்பியிடம் எத்தனை சட்டை இருக்கிறது என்று கேளுங்கள்.