வேலூர் 1806: பதினான்கு வயதுக்கு ஒரு சுருக்கம்

வேலூர்ப் புரட்சி பற்றிய நீண்ட கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: 1806 ஜூலை 10, விடிவதற்கு முன், கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம். படிப்பவரை இழுக்க நல்ல தொடக்கம்தான். அதையே பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சுருக்கித் தர உட்காரும்போது தொல்லை தொடங்குகிறது. கட்டுரை சண்டையில் ஆரம்பித்து, தலைப்பாகைக்குப் பின்னே போய், திப்புவைத் தொட்டுவிட்டு, மறுபடி சண்டைக்கு வருகிறது. அந்த வரிசையிலேயே சுருக்கினால் பிள்ளைக்குச் சத்தம் மட்டும் நினைவிருக்கும். யார், எதற்காகச் சுட்டார்கள் என்பது கலங்கிப்போகும்.

ஆகவே, சுருக்கத்தின் முதல் வாக்கியத்தை எழுதுவதற்கு முன் கட்டுரையில் உள்ள தேதிகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துவது நல்லது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் இறக்கிறார். அவர் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டைக்குள் வைக்கிறார்கள். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்களின் உடையை மாற்றும் உத்தரவைப் பிறப்பிக்கிறார். 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் சிலர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்துத் தண்டிக்கப்படுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஜூலை 10. இப்படி அடுக்கிப் பார்த்தால், கட்டுரையில் பாதிக்கு மேல் இடம் பிடித்திருக்கும் சண்டை, வரிசையின் ஒரே ஒரு படிதான் என்பது புலப்படும்.

காரணங்களை எழுதும்போது அவசரம் கூடாது. எல்லாக் காரணங்களையும் ஒரே பட்டியலில் போட்டால், ஏழு ஆண்டுகளாக இருந்துவந்ததும் ஏழு மாதங்களுக்கு முன் வந்ததும் பிள்ளைக்கு ஒன்றுபோலவே தெரியும். திப்புவின் மகன்கள் கோட்டைக்குள் இருந்தது நெடுநாள் நிலைமை. அது மட்டுமே போதுமானதாக இருந்தால் 1800இலோ 1803இலோ கிளர்ச்சி நடந்திருக்க வேண்டும். ஏன் 1806இல் என்ற கேள்விக்குப் பதில் உடை உத்தரவில் இருக்கிறது. அந்த உத்தரவின்படி, பணியில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசையைத் திருத்த வேண்டும். தொப்பி போன்ற புதிய வட்டத் தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன அலங்காரம் ஒன்றும் இருந்தது. சுருக்கத்தில் 'உடை மாற்றம்' என்று இரண்டு சொல்லில் இதை முடித்துவிட்டால், உடைக்காகவா உயிரைக் கொடுத்தார்கள் என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. நெற்றிக்குறி இந்துக்களுக்கும் தாடி முஸ்லிம்களுக்கும் சமயம் சார்ந்தவை என்றும், தொப்பி அப்போது ஐரோப்பியரின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது என்றும் இரண்டு வரி கூடுதலாக எழுதத்தான் வேண்டும். மற்ற எதைக் குறைத்தாலும் இங்கே குறைக்கக் கூடாது.

இன்னொரு வழுக்கல் இதே இடத்தில் இருக்கிறது. 'ஆங்கிலேயர்கள் சிப்பாய்களை மதம் மாற்ற முயன்றார்கள்' என்று எழுதுவதும், 'தங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள்' என்று எழுதுவதும் வேறு வேறு. முதல் வாக்கியம் உத்தரவு போட்டவர்களின் நோக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவது, உத்தரவு யார் தலையில் விழுந்ததோ அவர்களின் அச்சத்தைச் சொல்கிறது. கிளர்ச்சிக்குக் காரணம் இரண்டாவது. யாருடைய எண்ணம் என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், சுருக்குபவரின் கருத்து உள்ளே நுழைய இடமிருக்காது.

நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்வது அடுத்த வேலை. அது நடக்காமல் இருந்திருந்தால் அடுத்த நிகழ்ச்சி மாறியிருக்குமா என்பதுதான் அளவுகோல். முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொன்னார், அவர்கள் நம்பவில்லை. கதைக்குச் சுவை கூட்டுகிற செய்திதான், ஆனால் எச்சரிக்கை எடுபடாததால் நிகழ்ச்சிகளின் போக்கு மாறவில்லை. நூறு சொல் சுருக்கத்தில் அது போகலாம். ஆற்காடு மட்டும் போகக் கூடாது. கோட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் குதிரைப்படை இருந்தது என்பது தெரியாவிட்டால், விடியுமுன் சிப்பாய்கள் கைக்கு வந்த கோட்டை முற்பகலுக்குள் ஏன் பறிபோனது என்று எவருக்கும் விளங்காது.

எண்களில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டை மீட்கப்பட்டபோது கொல்லப்பட்ட சிப்பாய்கள் 350 பேர் என்று ஒரு நூல் சொல்லும். 800 என்று இன்னொன்று சொல்லும். மூலக் கட்டுரை தரும் எண்ணை மட்டும் உறுதியாக எழுதிவிட்டு, பிள்ளை வேறொரு நூலில் வேறு எண்ணைப் பார்த்துத் தடுமாறுவதைவிட, 'நூற்றுக்கணக்கானவர்கள்' என்பது நேர்மையானது.

பெயர் வைப்பதிலும் தீர்ப்பு ஒளிந்திருக்கும். ஆங்கிலேயர் பதிவுகளில் அது கலகம்; நம் நூல்களில் புரட்சி, சில இடங்களில் முதல் சுதந்திரப் போர். தலைப்பில் வழக்கமான பெயர் இருக்கட்டும். உள்ளே 'சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றினார்கள்' என்று செயலை எழுதினால் போதும். 'வீரமிக்க', 'கொடூரமான' போன்ற அடைமொழிகளுக்கும் இதே வைத்தியம். சரணடைந்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள் என்பது நடந்தது. அதை நடந்தபடி எழுதினால், என்ன நினைப்பதென்று பிள்ளை தானே முடிவு செய்துகொள்ளும்.

விளைவுகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வேலூரைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் 1857ஐக் கடைசிப் பத்தியில் கொண்டுவந்து நிறுத்தாமல் விடுவதில்லை. இரண்டிலும் சமயம் சார்ந்த அச்சம் இருந்தது என்பது ஒப்புமை. ஐம்பத்தோரு ஆண்டு இடைவெளியில் ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தது என்பது எழுதுபவரின் கருத்து. உத்தரவைத் திரும்பப் பெற்றது அப்படியல்ல. ஜூலை 10 இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

இப்படிச் சலித்த பிறகு கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவு:

'1799இல் திப்பு சுல்தான் இறந்ததும் அவர் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1805 நவம்பரில், சிப்பாய்கள் நெற்றிக்குறி இடவும் தாடி வைக்கவும் கூடாது, தொப்பி போன்ற தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. இதனால் தங்கள் மதம் போய்விடும் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். 1806 மே மாதம் மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கோட்டையைத் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர்களைக் கொன்று, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். செய்தி ஆற்காட்டுக்கு எட்டியது. அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து, பீரங்கியால் கதவைத் தகர்த்து, அன்றே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு உடை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கையும் இங்கிலாந்து திரும்ப அழைத்துக்கொண்டது. கிளர்ந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.'

இதைப் படித்த பிள்ளையிடம் தேதி கேட்டுச் சோதிப்பதில் பயனில்லை. தாளை மூடச் சொல்லிவிட்டு, திப்புவின் மகன்களை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்று கேட்கலாம். 'தெரியவில்லை' என்று பதில் வந்தால் குறை பிள்ளையிடம் இல்லை. கொடி ஏறிய வரியில், அந்தக் குடும்பத்தை மறுபடி ஆட்சியில் அமர்த்தச் சிப்பாய்கள் விரும்பினார்கள் என்ற செய்தி விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.