தொட்டி கழுவ எட்டு மணி நேரமா?

"ஞாயிறு காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை தண்ணீர் வராது. சம்ப், மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படும். தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும்." அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பக்கத்தில் சங்கத்தார் ஒட்டும் இந்த அறிவிப்பைப் பார்த்ததும், மதியத்துக்குள் முடிக்கக் கூடாதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

முடிக்கலாம். ஆனால் அப்படி அவசரப்படுத்தினால் முதலில் அடிபடுவது கிருமிநீக்கம்தான்.

வேலை சம்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். மேல்தொட்டியை முதலில் கழுவினால், கழுவாத சம்ப்பின் தண்ணீர்தான் அதில் மறுபடி ஏறும். முந்தின நாளே சம்ப்புக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டால், இருப்பு செலவாகி அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தத் தண்ணீரிலேயே சுவரைத் தேய்த்து, சேற்றோடு சேர்த்து வெளியே இறைப்பார்கள். மேல்தொட்டியைக் கழுவும்போது வீடுகளுக்குப் போகும் வால்வை அடைக்க மறந்தால், அந்தச் சேறு குழாய்களில் இறங்கிவிடும்.

சம்ப்புக்குள் ஆள் இறங்குவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூடியே கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மூடிகளைத் திறந்து வைத்து, மின்விசிறியால் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். மோட்டாருக்கான மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்த வேண்டும். மேலே ஒருவர் விலகாமல் நிற்க வேண்டும். டீசல், பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

தேய்த்து முடித்த தொட்டி பளிச்சென்று இருக்கும், கிருமி போயிருக்காது. அதற்குத்தான் பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம் இருக்கும். திறந்து கிடந்த பழைய மூட்டையில் வெகுவாகக் குறைந்துவிடும். 20 லிட்டர் வாளித் தண்ணீருக்குச் சுமார் 13 கிராம் பவுடர் கரைத்தால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தெளிந்த நீரைச் சுவரிலும் தரையிலும் நன்றாகப் பூசி, அரை மணி நேரமாவது ஈரம் காயாமல் விட்டு, பிறகு கழுவ வேண்டும். தொட்டியை நிரப்பிக் குளோரின் கலக்கும் முறையும் உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் இந்தப் பூச்சே சிக்கனம். பவுடரைத் தூவி உடனே கழுவிவிடுவது வீண். கறை போக ஆசிட் ஊற்றி, அதன்மேல் பவுடரும் போட்டால் விஷவாயு கிளம்பும்.

இதையெல்லாம் முடித்து, சம்ப் நிரம்பி, மோட்டார் மேலே ஏற்றுவதற்குள் மாலையாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் காலையிலேயே கீசரை அணைத்துவிடுவது நல்லது. தண்ணீர் வந்ததும் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுங்கள். குழாயில் அடைபட்ட காற்றும் கலங்கலும் வெளியேறித் தண்ணீர் தெளியட்டும். அதன் பிறகு கீசர், வாஷிங் மெஷின், கடைசியாக ஆர்ஓ.